ரெஸ்யூமேயில் வைத்த லிங்க் யாருக்குத் திறக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். மென்பொருள் வேலைகளுக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, நேர்முகத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பது என் அன்றாட வேலை. இன்று அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். ரெஸ்யூமேக்குள் நாம் வைக்கிற இணைய லிங்குகள், அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்போது திறக்கின்றன, எப்போது திறப்பதில்லை என்பதுதான் அது.

கடைசி வருடம் கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவியின் ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். மேலே பெயர், செல்பேசி எண், மின்னஞ்சல். அதே வரியில் லிங்க்டின், கிட்ஹப், போர்ட்ஃபோலியோ என்று மூன்று சொற்கள் நீல நிறத்தில், அடிக்கோட்டோடு இருக்கின்றன. கீழே ப்ராஜெக்ட் பகுதியில், "பேருந்து நேர அட்டவணைச் செயலி, டெமோ இங்கே" என்று ஒரு வரி. அவர் மடிக்கணினியில் எதைச் சொடுக்கினாலும் சரியாகத் திறக்கிறது. திருப்தியோடு பிடிஎஃப் ஆக்கி, நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்.

அந்தக் கோப்பை முதலில் படிப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான். விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துத் தேட உதவும் இந்த மென்பொருளை எங்கள் வட்டாரத்தில் ஏடிஎஸ் என்று சொல்வோம். கோப்பு வந்ததும் அது செய்கிற முதல் வேலை, வடிவமைப்பையெல்லாம் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் எழுத்துகளை மட்டும் உருவி எடுப்பது. பெயர் எது, எண் எது, படிப்பு எது என்று பிரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

சிக்கல் இந்த உருவுகிற இடத்தில்தான் வருகிறது. பிடிஎஃப் கோப்பில் நாம் பார்க்கிற எழுத்து ஓரிடத்தில் இருக்கிறது, லிங்க் வேறோர் இடத்தில் இருக்கிறது. அச்சடித்த பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, அதில் சில கட்டங்கள் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப் என்ற சொல்லுக்கு நேர் மேலே ஒரு கட்டம் இருக்கிறது. யாராவது இந்தக் கட்டத்தைச் சொடுக்கினால் இன்ன முகவரிக்குப் போ என்ற குறிப்பு அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. கீழே உள்ள சொல்லுக்கும் அந்த முகவரிக்கும் நேரடியான தொடர்பு எதுவும் இல்லை. எழுத்தை மட்டும் உருவும் மென்பொருள் கண்ணாடித் தாளை விட்டுவிட்டு அடியில் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஆக, நம் மாணவியின் விண்ணப்பத்திலிருந்து அந்த மென்பொருளுக்குக் கிடைப்பது லிங்க்டின், கிட்ஹப், போர்ட்ஃபோலியோ என்ற மூன்று வெறும் சொற்கள். "டெமோ இங்கே" என்பதில் இங்கே என்றால் எங்கே என்று அதற்குத் தெரியாது. கண்ணாடித் தாளையும் சேர்த்துப் படிக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் நாம் விண்ணப்பிக்கிற நிறுவனம் வைத்திருப்பது எந்த வகை என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

வேர்ட் கோப்பாகக் கொடுத்தால் தப்பிக்கலாமா என்று கேட்பீர்கள். அங்கும் இதே பிரிவினைதான். டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஜிப் செய்த ஒரு பொட்டலம். எழுத்து அதற்குள் ஒரு கோப்பில் இருக்கும், லிங்க் முகவரிகள் இன்னொரு கோப்பில் இருக்கும். வேர்ட் கோப்புகளைப் படிக்க நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பைதான்-டாக்எக்ஸ் என்ற நூலகத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 2023-இல் அதன் 1.0 பதிப்பு வரும்வரை, ஒரு பத்தியின் எழுத்தைக் கேட்டால் லிங்காக மாற்றிய சொற்களை அது விட்டுவிட்டுத்தான் கொடுக்கும். முகவரி மட்டுமல்ல, சொல்லே காணாமல் போய்விடும். மின்னஞ்சல் முகவரியைத் தட்டியதும் வேர்ட் தானாகவே அதை லிங்காக மாற்றிவிடும் இல்லையா? பழைய பதிப்பைச் சாதாரணமாகப் பயன்படுத்திய ஒரு நிரலுக்கு அந்த மின்னஞ்சலும் கண்ணில் படாது. அதனால் வேர்ட் கோப்பு கொடுப்பவர்கள் மின்னஞ்சல் மீது வலது சொடுக்கு செய்து, லிங்கை நீக்கிவிட்டு வெறும் எழுத்தாக விடுவது நல்லது. எழுத்து போகாது, நீலக் கோடு மட்டும்தான் போகும்.

சரி, முகவரி மென்பொருளுக்குக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து நம் திறமையை எடைபோடுமா? வழக்கமாக வடிகட்டுகிற மென்பொருள்கள் அதைச் செய்வதில்லை. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான முகவரிகளைத் திறப்பது பாதுகாப்புக்கு ஆபத்து. பல பக்கங்கள் லாகின் கேட்கும். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அமைப்பில் இருக்கும். முகவரியை அதற்கான பெட்டியில் சேமித்து வைத்துவிட்டு, ரெஸ்யூமேக்குள் இருக்கும் சொற்களைத்தான் அது தேடலுக்குப் பயன்படுத்தும். இதைப் பலர் உணர்வதில்லை. "சான்றிதழ்களைப் பார்க்க" என்று ஒரு லிங்க் மட்டும் வைத்துவிட்டு, என்ன சான்றிதழ், யார் கொடுத்தது என்பதை எழுதாமல் விட்டால், அந்தச் சான்றிதழ் தேடலைப் பொறுத்தவரை இல்லாததுதான். லிங்குக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான விஷயம் ரெஸ்யூமேயிலும் எழுத்தாக இருந்தாக வேண்டும்.

இப்போது அந்த மாணவியின் வரிகளைத் திருத்துவோம். கிட்ஹப் என்ற சொல்லுக்குப் பதிலாக, github.com என்று தொடங்கி, சாய்கோடு போட்டு, அவருடைய பயனர்பெயர் வரை முழு முகவரியையும் எழுத்தாகவே தட்டுகிறோம். லிங்க்டினுக்கு linkedin.com/in/ என்று தொடங்கும் முகவரி. லிங்க்டின் ஆரம்பத்தில் தருகிற முகவரியின் வாலில் எண்ணும் எழுத்தும் கலந்து தொங்கும். அதை நம் ப்ரொஃபைல் பக்கத்திலேயே சுருக்கமாக மாற்றிக்கொள்ளலாம். எழுதிய முகவரிமேல் லிங்கும் இருக்கட்டும், அதில் https என்று தொடங்கும் முழு வடிவத்தைக் கொடுங்கள். மென்பொருள் எழுத்தை எடுத்துக்கொள்ளும், மனிதர் சொடுக்குவார், காகிதத்தில் அச்சிட்டு வைத்திருப்பவர் பார்த்துத் தட்டிக்கொள்வார்.

ப்ராஜெக்ட் வரி இப்படி மாறுகிறது: பேருந்து நேர அட்டவணைச் செயலி, ரியாக்ட், நோட் ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ், நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து வரும் பேருந்துகளைக் காட்டும். அதன் கீழே, தனி வரியில், ப்ராஜெக்டின் முகவரி. தனி வரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீளமான முகவரி வரியின் ஓரத்தில் உடைந்து அடுத்த வரிக்குப் போனால், உருவும் மென்பொருள் பாதி முகவரியை மட்டும் பிடித்துக்கொள்ளும். முகவரியில் அண்டர்ஸ்கோர் இருந்தால் லிங்கின் அடிக்கோடு அதை மறைத்துவிடும் என்பதால், அடிக்கோட்டை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அப்புறம், விண்ணப்பப் படிவத்திலேயே லிங்க்டின், இணையதளம் என்று தனிப் பெட்டிகள் இருந்தால் அவற்றைக் காலியாக விடாதீர்கள். அங்கே தட்டுவது உருவல், பிரித்தல் எதுவும் இல்லாமல் நேராக உங்கள் பதிவில் போய் உட்காரும்.

பிடிஎஃப் உருவாக்கும் விதத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். விண்டோஸில் பிரிண்ட் கொடுத்து, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது காகிதத்துக்குப் போவதைப் போலத்தான் பக்கத்தை அனுப்புகிறது. கண்ணாடித் தாள் அங்கேயே கழன்றுவிடும். வேர்டில் சேவ் ஆஸ் போய்ப் பிடிஎஃப் என்று சேமித்தால் லிங்குகள் தங்கும். சோதிப்பது சுலபம். முடிந்த பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே முகவரி முழுதாக ஒரே வரியில் தெரிந்தால், உருவும் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூமே படமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, லிங்கைவிடப் பெரிய பிரச்சினை அது.

இனி மனிதர்கள். முதல் சுற்றில் பார்க்கும் ஹெச்ஆர் லிங்கைத் திறப்பது அரிது. திறப்பவர் பெரும்பாலும் நேர்முகம் நடத்தப் போகிற பொறியாளர். அவருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதுவும் நேர்முகத்துக்குச் சற்று முன்னால். ஒரு லிங்கைச் சொடுக்குவார். அது திறக்கவில்லை என்றால் இரண்டாவதை முயற்சி செய்யும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. நான் பார்க்கும் விண்ணப்பங்களில் இங்கே நடக்கிற விபத்துகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கின்றன, மனதுக்கு வருத்தமாகவும் இருக்கிறது. உழைத்துச் செய்த வேலை, பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடக்கிறது.

கூகுள் டிரைவ் லிங்க் என்றால் அனுமதி கேட்கும்படி ஒரு பக்கம் வரும். அந்தப் பொத்தானை அழுத்தி, உங்கள் பதிலுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை. கிட்ஹப்பில் ப்ராஜெக்டைத் தனிப்பட்டதாக வைத்திருந்தால், உங்களுக்கு அனுமதி இல்லை என்றுகூட அது சொல்லாது. 404, பக்கம் இல்லை என்றே காட்டும். பார்ப்பவர் நீங்கள் தவறான முகவரி கொடுத்ததாக நினைத்துக்கொள்வார். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் வைத்த கோப்புகள், படிப்பு முடிந்து கல்லூரி அந்தக் கணக்கை மூடும்போது சேர்ந்து போய்விடும். டெமோ தளங்களும் அப்படித்தான். ஹெரோகு 2022 நவம்பரில் தன் இலவச சேவையை நிறுத்தியபோது, அதில் ஏற்றி வைத்திருந்த மாணவர்களின் டெமோக்கள் ஏராளமாக நின்றுபோயின. ரெண்டர் போன்ற தளங்களின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் செயலி தூங்கிவிடும். மறுபடி எழ ஒரு நிமிடம்வரை ஆகலாம். அந்த ஒரு நிமிடம் காத்துக்கொண்டு இருப்பவர் சாளரத்தை மூடிவிடுவார். அதனால் டெமோவைவிட, கிட்ஹப்பில் அந்த ப்ராஜெக்டின் பக்கத்துக்கே லிங்க் கொடுத்து, அங்குள்ள ரீட்மீ கோப்பில் செயலியின் இரண்டு ஸ்கிரீன்ஷாட்களையும் டெமோ முகவரியையும் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். டெமோ தூங்கினாலும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும்.

இவை அனைத்தும் உங்கள் கணினியில் ஒழுங்காகவே தெரியும், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருக்கிறீர்கள். உலாவியில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, பிடிஎஃப்பிலிருந்து ஒவ்வொரு முகவரியையும் ஒட்டிப் பாருங்கள். பூட்டிய கதவுகள் அப்போது தெரிந்துவிடும். சுருக்கு முகவரிகளை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாத லிங்கை அலுவலகக் கணினியில் சொடுக்க வேண்டாம் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், சில அலுவலகங்களில் அவை திறக்கவே திறக்காது.

சுருக்கு முகவரி வேண்டாம் என்பதற்கு ஒரு விதிவிலக்கு நமக்கே உரியது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள், தமிழ்த் தலைப்பில் கட்டுரை வெளியிடுபவர்கள் அந்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளாக நீண்டுகொண்டே போகும். அ என்ற ஒரே எழுத்து %E0%AE%85 என்று ஒன்பது குறிகளாகிவிடும். ஒரு தலைப்பு மூன்று வரிக்கு ஓடி, நடுவில் உடைந்தும் போகும். விக்கிப்பீடியாவுக்கு என்றே w.wiki என்ற சுருக்கு முகவரி இருக்கிறது, அதை விக்கிமீடியாவே நடத்துகிறது. இந்த இடத்தில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உங்கள் வலைப்பதிவு என்றால், பதிவின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்துகளில் சிறியதாக அமைத்துக்கொள்ளுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

விண்ணப்பித்த பிறகு கிட்ஹப் பயனர்பெயரை மாற்றும் ஆசை சிலருக்கு வரும். விளையாட்டாக வைத்த பெயர் வேலைக்குப் பொருந்தவில்லை என்று தோன்றும். மாற்றினால் ப்ராஜெக்ட் முகவரிகளைக் கிட்ஹப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும், ஆனால் பழைய ப்ரொஃபைல் முகவரி 404 ஆகிவிடும். அந்தப் பழைய பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும். அனுப்பிய ரெஸ்யூமேயை நிறுவனங்கள் மாதக்கணக்கில் வைத்திருந்து, புதிய இடம் வரும்போது மறுபடி எடுத்துப் பார்ப்பதுண்டு. பெயரை மாற்றுவதென்றால், முதல் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.