விலை சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

(தனித்தொழிலாக மென்பொருள் வேலை செய்வோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். புதிய வாடிக்கையாளர் ஒருவரோடு முதன்முறையாகப் பேசும் அரை மணி நேரத்தை, நம் தொழிலில் டிஸ்கவரி கால் என்று சொல்கிறோம். அந்த அழைப்பில் எதைக் கேட்பது, கேட்டதிலிருந்து விலையை எப்படிக் கட்டுவது என்பதை மட்டும் இன்று ஓர் எடுத்துக்காட்டின் வழியாகப் பார்ப்போம்.

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு உள்ளாடை தயாரிக்கும் ஒரு பனியன் கம்பெனியின் முதலாளி உங்களை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வெப்சைட் ஒண்ணு பண்ணோணுங்க, எவ்வளவு ஆகுங்க?" என்பதுதான் அவருடைய முதல் பேச்சாக இருக்கும். நம்மில் பலர் அந்த இடத்திலேயே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொன்ன தொகையை அவர் வேறு இரண்டு பேர் சொன்ன தொகையோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அவருக்கு என்ன தேவை என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் இன்னும் முழுதாகத் தெளிவாகியிருக்காது. ஆகவே, "விலையை இரண்டு நாளில் எழுத்தில் தருகிறேன், அதற்கு முன் உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கேள்விக்குப் போக வேண்டும். அவர் விடாமல் கேட்டால், நீங்கள் ஏற்கும் வேலைகளின் குறைந்தபட்சத் தொகையைச் சொல்லலாம். அது அவருக்குக் கட்டுப்படாது என்றால் இருவர் நேரமும் மிச்சம்.

முதல் கேள்வி, "இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் இதைச் செய்ய நினைத்தீர்கள்?" என்பது. இதற்கு வரும் பதிலில் வெப்சைட் என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது. "ஸ்டாக் இருக்குதான்னு கேட்டு நாள் பூரா கடைக்காரங்க வாட்ஸ்அப் பண்றாங்க, ஒரு ஆளு அதுக்கே சரியாப் போயிருதுங்க" என்பார். அவர் வாங்க வந்தது வெப்சைட் என்றாலும், தீர்க்க வந்த சிக்கல் இது.

அடுத்ததுதான் அந்த அழைப்பின் உயிர்நாடி. "பொதுவாக என்ன பிரச்சினை வருகிறது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "கடைசியாகத் தவறிப்போன ஒரு ஆர்டரைச் சொல்லுங்கள், செய்தி வந்ததிலிருந்து என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அப்போது அவர் சொல்வார்: கடைக்காரர் ஆர்என் 90 ஐந்து பெட்டி என்று எழுதியிருந்தார், ஆர்என் என்றால் கை இல்லாத வட்டக்கழுத்து பனியன், பெட்டி கட்டியவர் அதைக் கை வைத்த ஆர்என்எஸ் என்று படித்துவிட்டார், சரக்கு பார்சல் சர்வீஸில் போய், திரும்பி, மறுபடியும் போனது. இந்த ஒரு நிகழ்ச்சியில் உங்களுக்குத் தேவையானதில் பாதி கிடைத்துவிட்டது. ஆர்டர் பக்கத்தில் எழுத்தால் தட்டச்சு செய்யும் பெட்டி கூடாது, படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிறது.

அதன்பின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும், அதையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மாதத்துக்கு எத்தனை பார்சல் இப்படித் திரும்புகிறது? 12 என்கிறார். ஒன்றுக்கு வண்டி வாடகை, ஆள்கூலி எல்லாம் சேர்த்து என்ன ஆகும்? 1,500 என்கிறார். வாட்ஸ்அப்பில் பதில் சொல்பவருக்குச் சம்பளம் 16,000. அதில் பாதி நேரம் ஸ்டாக் கேள்விக்கே போகிறது. ஆக மாதம் 18,000-உம் 8,000-உம் சேர்ந்து 26,000, ஆண்டுக்கு 3,12,000 ரூபாய். இந்தக் கூட்டலை அழைப்பிலேயே உரக்கப் போட்டு, "சரிதானா?" என்று கேளுங்கள். பலர் அந்தத் தொகையை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருப்பது நல்லது. அடுத்து அவர் சொல்வதுதான் இந்த வேலை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும்.

முடிவு யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். "முடிவெடுப்பது நீங்கள்தானா?" என்பது குடும்பத் தொழில் நடத்துபவரிடம் மரியாதைக் குறைவாகப் போய்விடும். "விலைப்பட்டியல் அனுப்பினால் உங்களோடு சேர்ந்து வேறு யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டால், அண்ணன் பார்ப்பார், கணக்குப்பிள்ளை பார்ப்பார் என்று இயல்பாகச் சொல்லிவிடுவார். ஸ்டாக் கணக்கு டேலியில் இருந்தால் அந்தக் கணக்குப்பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடம் பேசாமல் விலை போடாதீர்கள். டேலியில் இருக்கும் கையிருப்பும் கிடங்கில் இருக்கும் கையிருப்பும் ஒத்துப்போகவில்லையென்றால், நீங்கள் செய்து தரும் பக்கம் முதல் நாளிலிருந்தே பொய் சொல்லும், பழியும் உங்கள்மேல் வரும்.

இனி விலை. அதற்குத் தரை ஒன்று, கூரை ஒன்று. தரை என்பது உங்கள் செலவு. வீட்டுச் செலவு, தொழில் செலவு, சேமிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 63,000 தேவை, அந்த மாதத்தில் கட்டணம் வாங்கக்கூடிய வேலைநாள் 14 என்றால், ஒரு நாளைக்கு 4,500. இந்த வேலைக்கு 18 நாள் என்றால் 81,000. பேச்சுவார்த்தைக்கும் திருத்தங்களுக்கும் கால் பங்கு சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லட்சம். கூரை என்பது அவருக்கு மிச்சமாகும் தொகை. இழப்பு முழுதும் நின்றுவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. மூன்றில் இரண்டு பங்கு நிற்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 2,08,000. இரண்டுக்கும் நடுவே 1,35,000 என்று சொன்னால், எட்டு மாதத்தில் அவர் போட்ட பணம் திரும்பிவிடும் என்று அவரிடம் நேர்மையாகச் சொல்ல முடியும்.

மாதத்துக்கு ஒரு பார்சல்தான் திரும்புகிறது, ஸ்டாக் கேள்வியும் அரிது என்றால், கூரை தரைக்குக் கீழே போய்விடும். அப்போது வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள கேட்டலாக் போதும் என்று சொல்லி, அதை எப்படி அமைப்பது என்று காட்டிவிட்டு விலகுவதுதான் முறை. தேவையில்லாத வேலையை விற்றால் இரண்டாம் தவணை வராது.

அழைப்பு முடிந்த அன்றே, அவர் சொன்ன எண்ணிக்கைகளை நான்கைந்து வரியில் அனுப்பி, சரியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விலைப்பட்டியலின் முதல் பத்தியும் அதுவாகவே இருக்கட்டும். அண்ணனும் கணக்குப்பிள்ளையும் தொகையைப் பார்ப்பதற்கு முன் காரணத்தைப் படிப்பார்கள். அதன்கீழ் இரண்டு தேர்வுகள் வையுங்கள்: ஸ்டாக் மட்டும் காட்டும் பக்கம் 55,000, ஆர்டரும் எடுக்கும் முழு அமைப்பு 1,35,000. முதல் தேர்வு திரும்பி வரும் பார்சலைக் குறைக்காது என்பதையும் எழுதுங்கள். பாதி முன்பணம், சோதனைக்குத் தரும்போது 30 சதவீதம், ஒப்படைக்கும்போது 20 சதவீதம் என்று பிரியுங்கள். பொருள்களைப் படமெடுப்பது, ஹோஸ்டிங் கட்டணம் போன்றவை இதில் சேராது என்பதும், விலை 30 நாளுக்குச் செல்லும் என்பதும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் 18 சதவீதம் தனி என்று எழுதுங்கள். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது.

"கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று அவர் கேட்பார், கேட்பதில் தவறில்லை. உடனே பத்தாயிரத்தைக் குறைத்தால், முதலில் சொன்ன தொகை கூட்டிச் சொன்னது என்றாகிவிடும். எதை எடுத்துவிடலாம் என்று அவரோடு சேர்ந்து பாருங்கள்: பழைய ஆர்டரை அப்படியே மறுபடி போடும் வசதியை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் இரண்டு நாள் வேலை குறைகிறது, அதற்கேற்ப விலையும் குறைகிறது. ஆர்என், ஆர்என்எஸ் படத் தேர்வை மட்டும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள், அவருடைய இழப்பில் பெரும்பகுதி அந்தத் தவறால்தான் வருகிறது.