பத்தாயிரம் மணி நேரம்: வயலின் பிடித்த கைக்கு எத்தனை வருடம்?

(இசை மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்த்த பெற்றோர் முதல் மாதமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தினமும் எவ்வளவு நேரம் சாதகம் பண்ணணும், எத்தனை வருஷத்தில் நன்றாக வாசிப்பான்? இப்போதெல்லாம் கேள்வியோடு ஓர் எண்ணும் சேர்ந்தே வருகிறது: பத்தாயிரம் மணி நேரம். அவ்வளவு சாதகம் பண்ணினால் யாரும் தேர்ந்த வித்வான் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கை அது. இன்றைக்கு அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். அதைப் பிறப்பித்ததே வயலின்தான் என்பதால் வயலினை வைத்தே பார்ப்பது பொருத்தம்.

1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேற்கு பெர்லினில் இருந்த இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பத்துப் பத்துப் பேராக மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு, உலக மேடைக்குப் போவார்கள் என்று ஆசிரியர்கள் மதித்தவர்கள். இரண்டாவது குழு நன்றாக வாசிப்பவர்கள். மூன்றாவது குழு இசை ஆசிரியர் படிப்பில் இருந்தவர்கள். சிறு வயதிலிருந்து தனியாக உட்கார்ந்து எவ்வளவு சாதகம் பண்ணினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கூட்டினார்கள். 18 வயதுக்குள் முதல் குழுவின் சராசரி 7,410 மணி, இரண்டாவது குழுவுக்கு 5,301, மூன்றாவது குழுவுக்கு 3,420. முதல் குழுவின் சராசரி 20 வயதில் பத்தாயிரத்தைத் தொட்டது.

சராசரி என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அந்த முதல் குழுவிலேயே 20 வயதில் பத்தாயிரத்தைத் தொடாதவர்கள் பலர் இருந்தார்கள். தொட்டவர்களும் அப்போது மாணவர்கள்தான், வித்வான்கள் அல்லர். ஆகவே பத்தாயிரம் என்பது தாண்டியதும் கதவு திறக்கும் வாசற்படி அல்ல. வழியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்க உதவும் மைல்கல். அப்படி எடுத்துக்கொண்டால் இந்த எண் நல்ல பயன் தரும்.

இனி வகுத்தலுக்கு வருவோம். வருடத்துக்கு 365 நாள், ஒரு நாளும் விடாமல், தினம் ஒரு மணி என்றால் பத்தாயிரத்துக்கு 27.4 வருடம். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், தினசரி மணியால் அதை வகுத்துவிடலாம். இரண்டு மணி என்றால் 13.7 வருடம். மூன்று மணி என்றால் 9 வருடம் சொச்சம். நான்கு மணி என்றால் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அரை மணி என்றால் கிட்டத்தட்ட 55 வருடம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அரை மணியை ஒரு மணியாக்கினால் 27 வருடம் குறைகிறது. மூன்று மணியை நான்காக்கினால் குறைவது இரண்டே கால் வருடம்தான். அதற்குச் செலவாவதோ தினம் ஒரு முழு மணி நேரம். அரை மணி வாசிக்கும் பிள்ளைக்கு இன்னோர் அரை மணி சேர்ப்பதில்தான் பெற்றோர் அக்கறை காட்ட வேண்டும். மூன்று மணி வாசிக்கும் பிள்ளையை நான்குக்குத் தள்ளுவதில் அவ்வளவு அவசரம் தேவையில்லை.

ஆனால் 365 நாளும் வாசிக்கிற வீடு எது? காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் வரும். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, உறவில் கல்யாணம், காய்ச்சல் என்று நாள்கள் கழியும். ஒழுங்காகச் சாதகம் நடக்கும் வீட்டிலும் 65 நாள் இப்படிப் போவது சாதாரணம். மீதி 300 நாள். அப்படியானால் 27.4 என்பது 33.3 ஆகிவிடும். தினம் இரண்டு மணி வாசிப்பவருக்கு 13.7 வருடம் 16.7 வருடமாக நீளும். அந்த மூன்று வருடத்தை விழுங்கியவை நாம் கணக்கிலேயே வைக்காத நாள்கள்.

அடுத்தது அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடப்பது. பெட்டியைத் திறந்து, வில்லை முறுக்கி, ரோசின் தடவி, நாலு தந்தியையும் ச-ப-ச-ப என்று சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் பிரடை ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் நழுவும். சிறு பிள்ளைக்கு இதிலேயே பத்து நிமிடம் போய்விடும். பிறகு தண்ணீர் குடிக்கப் போவது, கைபேசியை எடுப்பது. கடைசியில் ஏற்கெனவே நன்றாக வரும் வர்ணத்தை ஆசைக்கு இரண்டு தடவை வாசிப்பது. இவ்வளவும் போக உண்மையான சாதகம் 40 நிமிடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 நாளுக்கு 200 மணி. பத்தாயிரத்துக்கு 50 வருடம்! கடிகாரத்தில் ஒரு மணி, சாதகத்தில் 40 நிமிடம். இந்த இடைவெளிதான் 33 வருடத்தை 50 வருடமாக்குகிறது.

உண்மையான சாதகம் எது என்று எப்படித் தெரியும்? எரிக்சன் கணக்கில் எடுத்தது தனியாக இருந்து, குறையைத் திருத்துவதற்கென்றே செய்த பயிற்சியை. ஆசிரியர் வகுப்பு அதில் சேராது. கச்சேரியும் சேராது, கச்சேரி கேட்பதும் சேராது. அவை அவசியமானவைதான், ஆனால் இந்தப் பத்தாயிரத்தில் அவற்றைப் போட்டால் பெர்லின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோடியின் காந்தாரம் சரியாக அசையவில்லை. ராகம் முழுவதையும் பத்து முறை வாசித்தால் அந்தத் தவறும் பத்து முறை பதியும். அதற்குப் பதிலாக ரி-க-ம என்ற துண்டை மட்டும் எடுத்துத் தம்பூராவோடு மிக மெதுவாக வாசித்து, பதிவு செய்து கேட்க வேண்டும். விரல் எதுவரை சறுக்குகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து மறுபடி வாசிக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் சரளி வரிசை குழைந்து ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் விரல் தந்தியில் இறங்கும் கணமும் வில்லின் ஓட்டமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். இரண்டாம் காலத்துக்கு இறங்கிச் சரிசெய்துவிட்டு மேலே போக வேண்டும். எழுந்திருக்கும்போது "இன்றைக்கு எது திருந்தியது?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பதில் வந்தால் அது சாதகம். வராவிட்டால் அந்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டாம்.

இப்போது ஒரு பிள்ளையின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஏழு வயதில் ஆரம்பம். வருடம் 300 நாள். ஏழு முதல் பத்து வயது வரை தினம் அரை மணி, மூன்று வருடத்தில் 450 மணி. பத்து முதல் பதின்மூன்று வரை ஒரு மணி, 900. அடுத்த இரண்டு வருடம் ஒன்றரை மணி, இன்னொரு 900. ஆக 15 வயதில் 2,250. பிறகு பத்தாம் வகுப்பு வருகிறது. அந்த வருடமும் பன்னிரண்டாம் வகுப்பு வருடமும் 200 நாள், தினம் முக்கால் மணி என்றால் தலா 150. நடுவில் பதினொன்றாம் வகுப்பில் பழைய ஒன்றரை மணி, 450. பதினெட்டு வயது நிறையும்போது மொத்தம் சரியாக 3,000 மணி.

பதினொரு வருடம் விடாமல் வாசித்த பிள்ளை இது. பெர்லின் ஆசிரியர் குழுவின் 3,420-க்கு அருகே வந்திருக்கிறது, முதல் குழுவின் 7,410-க்கு வெகு தூரம் இருக்கிறது. வருத்தப்பட இதில் ஒன்றும் இல்லை. மீதி 7,000 மணி எப்படி வரும் என்பதே அடுத்த கேள்வி. இசைக் கல்லூரியில் சேர்ந்து தினம் நான்கு மணி என்றால் வருடம் 1,200, ஆறு வருடத்துக்குள் முடியும், வயது 24-ஐ நெருங்கியிருக்கும். மூன்று மணி என்றால் 26-ஐ நெருங்கும். வேறு படிப்பு, வேலை என்று போய்த் தினம் ஒரு மணி மட்டும் என்றால் 23 வருடம், வயது 41.

ஏழு முதல் பத்து வயது வரையிலான மூன்று வருட உழைப்பு, கல்லூரியில் நாலரை மாதத்தில் வந்துவிடும் அளவுதான். அப்படியானால் சின்ன வயதில் எதற்கு என்று கேட்கலாம். ஸ்ருதி காதில் உட்காருவதும், வில் பிடியும், சம்மணமிட்ட காலில் சுருளை நிறுத்தித் தோளை இறுக்காமல் வைக்கும் பழக்கமும் அந்த 450 மணியில் உருவாகின்றன. பதினெட்டில் அவற்றை மாற்ற உட்கார்ந்தால், சேர்த்த மணிகளில் ஒரு பங்கைப் பழையதை அழிப்பதற்கே செலவிட வேண்டியிருக்கும்.

நம் மரபில் அசுர சாதகம் என்று ஒன்று உண்டு. ஒரு மண்டலம், 48 நாள், தினம் ஆறு மணி என்றால் 288 மணி. தினம் ஒரு மணி வாசிப்பவர் ஒரு வருடத்தில் சேர்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மணி பழகிய கையை மறுநாளே ஆறு மணிக்கு இழுத்தால் இடது மணிக்கட்டும் வலது தோளும் முதலில் பேசும். விரல் நுனி மரத்துப்போவது, இரவில் மணிக்கட்டு வலிப்பது, காலையில் விரல் மடங்க மறுப்பது ஆகியவை நிறுத்தச் சொல்லும் அடையாளங்கள். வலியோடு வாசித்து இரண்டு மாதம் ஓய்வெடுக்க நேர்ந்தால், சேர்த்தது அத்தனையும் கணக்கில் திரும்பப் போய்விடும். வாரத்துக்குக் கால் மணி என்று ஏற்றினால் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குப் போக எட்டு வாரம் ஆகும். அந்த எட்டு வாரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தொண்டை நான்கு மணி தாங்காது, குரல் கம்மினால் அன்றைக்கு நிறுத்துவதே சரி.

பெர்லின் மாணவர்கள் தினம் மூன்று நான்கு மணி வாசித்தார்கள், ஆனால் ஒரே மூச்சில் அல்ல. சுமார் 80 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, நடுவில் ஓய்வெடுத்து, பிற்பகலில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைக்கு அதைச் சுருக்கி, காலையில் 40 நிமிடம் சரளி, ஜண்டை, அலங்காரம், மாலையில் 40 நிமிடம் வர்ணமும் கீர்த்தனையும் என்று வைக்கலாம். இரண்டு துண்டாக இருப்பதில் இன்னொரு லாபம், ஒன்று தவறினாலும் நாள் முழுவதும் பூஜ்யமாகாது.

கடைசியாக, நோட்டைப் பற்றி. பெர்லின் மணிகள் பெரும்பாலும் நினைவிலிருந்து சொன்னவை. நினைவு தாராளமாகச் சொல்லும். உங்கள் பிள்ளையின் கணக்கை நீங்கள் அன்றன்றே எழுதிவைக்கலாம். தேதி, தந்தி சேர்த்த பின் தொடங்கிய நேரம், முடித்த நேரம், திருத்திய இடம் ஆகிய நான்கும் ஒரு வரியில் அடங்கும். மாதக் கடைசியில் கூட்டுங்கள். மூன்று மாதக் கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கி, பத்தாயிரத்தை அதனால் வகுத்தால் இன்றைய வேகத்தில் எத்தனை வருடம் என்று தெரியும். மூன்று மாதத்தில் 60 மணி வந்திருந்தால் வருடத்துக்கு 240, அதாவது 41 வருடம் சொச்சம். நோட்டைப் புரட்டி, தவறிய நாள்கள் எவை என்று பாருங்கள். அவை பெரும்பாலும் வாரத்தின் ஒரே கிழமையில் விழுந்திருக்கும், டியூஷன் நாளிலோ விளையாட்டு நாளிலோ. அந்தக் கிழமைக்கு மட்டும் சாதகத்தைக் காலைக்கு மாற்றிவிட்டு, அடுத்த மூன்று மாதம் கழித்து மறுபடி கூட்டுங்கள்.