மகள் படிப்புக்குத் தங்கம்: சேர்ப்பது கிராமில், செலவழிப்பது ரூபாயில்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் பவுன் கணக்கு தொடங்கிவிடுகிறது. அந்தப் பவுனில் ஒரு பகுதி கல்யாணத்துக்கு இல்லாமல், 18 வயதில் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கு என்றால், சேர்க்கும் முறை அடியோடு வேறாக இருக்க வேண்டும். கல்யாண நகையை யாரும் விற்கப்போவதில்லை. படிப்புக்கான தங்கத்தை விற்றே ஆக வேண்டும். அதனால் வாங்கும்போதே ‘இதை விற்கப் போனால் கையில் எவ்வளவு வரும்’ என்று பார்க்க வேண்டும்.

முதலில் நகையைப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள தங்கம் இருக்கிற ஒரு செயின். செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்ந்து 12 சதவீதம் என்றால் 12,000 ரூபாய். மொத்தத் தொகைக்கு 3 சதவீத ஜிஎஸ்டி 3,360 ரூபாய். ஆக, நீங்கள் கொடுப்பது 1,15,360. மறுநாளே அதே கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் தங்கத்தின் மதிப்பை மட்டும்தான் பார்ப்பார்கள். அதிலும் உருக்கு, அழுக்கு என்று 2 சதவீதம் கழித்தால் 98,000 வரும். போனது 17,000-க்கு மேல், அதாவது கொடுத்த பணத்தில் 15 சதவீதம். வருடத்துக்கு ஒரு செயின் என்று 18 வருடம் வாங்கினால், ஏறக்குறைய இரண்டே முக்கால் வருடச் சேமிப்பு செய்கூலியாகவும் வரியாகவும் கழிந்திருக்கும். கல் வைத்த நகை என்றால் இழப்பு இன்னும் கூடும். வாங்கும்போது கல்லுக்கும் காசு வாங்குவார்கள். விற்கும்போது கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தை நிறுப்பார்கள்.

நகைக்கடைச் சீட்டு போட்டால் செய்கூலி, சேதாரம் தள்ளுபடி ஆகிறதே என்பீர்கள். உண்மைதான். தள்ளுபடி முழுதாகக் கிடைத்தால் மேலே சொன்ன 15 சதவீத இழப்பு 5 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடும். ஆனால் இந்தச் சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால், கம்பெனிச் சட்ட விதிகளில் அது டெபாசிட் ஆகாது. டெபாசிட் இல்லை என்பதால், வங்கியில் போட்ட பணத்துக்கு இருக்கிற காப்பீடும் இதற்குக் கிடையாது. கடை நொடித்தால் கட்டிய தவணைகளுக்கு நீங்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சீட்டு முடிவில் பெரும்பாலும் நகையாகத்தான் எடுக்க வேண்டும், காசாகக் கேட்டால் தள்ளுபடி கிடையாது. மகளின் கழுத்தில் ஏறிய நகையைக் கட்டணத்துக்காகக் கழற்ற எந்த அம்மாவுக்கும் எளிதில் மனம் வராது என்பது தனி விஷயம்.

தங்கக் காசு பரவாயில்லையா? நகையைவிடப் பரவாயில்லை. ஆனால் ஒரு கிராம், இரண்டு கிராம் காசுகளில் தயாரிப்புச் செலவு விகிதம் அதிகம். வங்கியில் வாங்கிய காசை அந்த வங்கியே திரும்ப வாங்காது. நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அதுவும் பழைய தங்கம்தான். போன் செயலிகளில் பத்து ரூபாய்க்கும் விற்கும் ‘டிஜிட்டல் தங்கம்’ தங்கள் கட்டுப்பாட்டில் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. 18 வருடம் வைத்திருக்க வேண்டிய பணத்தை அங்கே போடுவதற்கில்லை. அரசின் தங்கப் பத்திரம் நல்ல ஏற்பாடாக இருந்தது, 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடு வரவில்லை.

மிஞ்சுவது தங்க ஈடிஎஃப், அதாவது சுத்தத் தங்கத்தை வாங்கி வைத்து, அதன் பங்கைப் பங்குச் சந்தையில் யூனிட்டாக விற்கும் ஃபண்ட். யூனிட்டுகளை மின்னணு முறையில் வைத்திருக்க டீமேட் கணக்கு வேண்டும். பல ஈடிஎஃப்களில் ஒரு யூனிட் ஏறத்தாழ 0.01 கிராம் தங்கத்துக்குச் சமம், அதனால் மாதம் சில ஆயிரத்துக்கும் வாங்க முடியும். செய்கூலி இல்லை, லாக்கர் வாடகை இல்லை, விற்ற மறு வேலைநாளில் பணம் வந்துவிடும். இதற்கும் ஒரு விலை உண்டு. நிர்வாகக் கட்டணத்தை ஒவ்வொரு நாளும் யூனிட்டின் மதிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். வருடம் அரை சதவீதம் என்றால், முதல் மாதம் வாங்கிய யூனிட்டின் பின்னால் இருக்கும் தங்கம் 18 வருடத்தில் 8 அல்லது 9 சதவீதம் குறைந்திருக்கும். கடைசி வருடங்களில் வாங்கியவற்றில் இழப்பு அற்பம். ஆகவே கட்டணம் குறைவாகவும், தினசரி வர்த்தகம் அதிகமாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வாங்கும் நேரத்தில் திரையில் iNAV என்று ஒரு எண் தெரியும். உள்ளே இருக்கும் தங்கத்தின் அந்த நேர மதிப்பு அது. சந்தை விலை அதைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் தள்ளி நின்றால் அன்றைக்கு வாங்காமல் விடுங்கள். தங்கம் வேகமாக ஏறும் நாட்களில் கூட்டம் சேர்ந்து இப்படி ஆகும்.

இனி ஒரு குடும்பத்தின் கணக்கு. மகளின் நான்கு வருடப் பொறியியல் படிப்புக்கு, விடுதியோடு சேர்த்து இன்றைய விலையில் 10 லட்சம் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்கிறார்கள். பாதியைத் தங்கத்தில் வைக்கிறார்கள். மற்ற பாதி அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம். எல்லாவற்றையும் தங்கத்தில் போடாததற்குக் காரணம் பின்னால் வரும். எல்லாவற்றையும் செல்வமகளில் போட முடியாததற்குக் காரணம் அதன் விதியில் இருக்கிறது: 18 வயதில், அல்லது பத்தாம் வகுப்பு முடிந்ததும், படிப்புக்காக எடுக்கலாம். ஆனால் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் 50 சதவீதம் வரைதான். கணக்கு முதிர்வது தொடங்கியதிலிருந்து 21 வருடத்தில்.

சுத்தத் தங்கம் கிராம் 12,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 5 லட்சம் என்பது 40 கிராம். கட்டணம் தங்கத்தைவிட வேகமாக ஏறினால் இது போதாது என்பதால் பாதி கூட்டி 60 கிராம் என்று இலக்கு வைக்கிறார்கள். வாங்குவது மகளுக்கு 14 வயது ஆகும் வரை மட்டும், அதாவது 168 மாதம். மாதத்துக்கு 0.36 கிராம், இந்த விலையில் சுமார் 4,500 ரூபாய். இங்கே பலர் சறுக்குவது, 4,500 என்ற தொகையை மட்டும் நினைவில் வைத்து கிராமை மறப்பதில்தான். விலை ஏற ஏற அதே பணத்துக்குக் கிராம் குறையும். ஒவ்வொரு பிறந்தநாளிலும் மொத்த யூனிட்டைக் கிராமாக மாற்றிப் பார்த்து, 7 வயதில் 30 கிராம் இருக்கிறதா என்று சரிபார்த்து, சம்பள உயர்வு வரும் மாதத்தில் தொகையைக் கூட்ட வேண்டும்.

14 வயதில் ஏன் நிறுத்த வேண்டும்? தங்கத்தின் விலைக்கு அட்மிஷன் தேதி தெரியாது. 2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,900 டாலர் அளவுக்குப் போன தங்கம், 2015 முடிவில் 1,050 டாலர் அளவில் நின்றது. ரூபாய் மதிப்பு சரிந்ததால் இங்கே அடி கொஞ்சம் குறைவு, ஆனாலும் 2012 இறுதியில் இருந்த விலையைச் சுற்றியே ஐந்தாறு வருடம் கிடந்தது. அந்த வருடங்களில் கல்லூரிக் கட்டணம் கிடையாகக் கிடக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது, உலக விலையோடு சம்பந்தமில்லாமல் உள்ளூர் விலை சட்டென்று இறங்கியது. அந்த வாரம் கட்டணம் கட்ட விற்றவர்களுக்கு அது சேதாரம்தான்.

அதனால் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் மாதப் பணம் ரெக்கரிங் டெபாசிட்டுக்குத் திரும்பட்டும். 15 வயதிலிருந்து 17 வயதுக்குள் 60 கிராமில் பாதியை இரண்டு மூன்று தவணையாக விற்று, முதல் இரண்டு வருடக் கட்டணத் தேதிக்கு முதிரும்படி நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள். மீதி 30 கிராம் மூன்றாம், நான்காம் வருடத்துக்கு. அதை விற்க 15 வயதிலிருந்து ஐந்தாறு வருடம் இருக்கிறது, விலை ஒரு முறை விழுந்தாலும் எழ நேரம் உண்டு.

அந்த மீதி 30 கிராமில்தான் வரியைக் குறைக்க வழி இருக்கிறது. ஈடிஎஃப்-ஐ 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்கு மேல் 4 சதவீத செஸ். பெற்றோர் பெயரில் 6 லட்சம் லாபத்தோடு விற்றால் 78,000 ரூபாய். மகளுக்கு 18 முடிந்தபின் யூனிட்டுகளை அவள் டீமேட் கணக்குக்குப் பரிசாக மாற்றினால், பெற்றோர் தரும் பரிசு என்பதால் அதற்கு வரியில்லை. நீங்கள் வாங்கிய விலையும் தேதியும் அவளுக்கும் பொருந்தும். வேறு வருமானம் இல்லாத அவள், வருடத்துக்கு 3 லட்சம் லாபமாக இரண்டு வருடத்தில் விற்றால், புதிய வரிமுறையின் 4 லட்ச அடிப்படை விலக்குக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டில் படித்து, வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலை போய்விட்டால் இந்தச் சலுகை கிடையாது.

அப்படியானால் பிறந்ததும் அவள் பெயரிலேயே வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மைனராக இருக்கும்போது விற்றால் லாபம் பெற்றோரில் வருமானம் அதிகமுள்ளவரின் கணக்கில்தான் சேரும். 18 ஆனதும் கேஒய்சி புதுப்பித்து மேஜராக மாற்றும் வரை கணக்கு முடங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கல்லூரியில் சேரும் வருடம், முதல் கட்டணத்துக்கு ஒரு வாரம்தான் கெடு கொடுப்பார்கள். பெற்றோரில் ஒருவர் பெயரில் வாங்கி, மற்றவரை நாமினியாகப் போடுங்கள். மகளுக்கான பான் அட்டையும் டீமேட் கணக்கும் 18 முடிந்த மாதமே தொடங்கினால் மூன்றாம் வருடத்துக்குள் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று உறவினர் தரும் மோதிரமும் வளையலும் இந்த 60 கிராமில் சேராது. அவற்றைத் தனியாக வையுங்கள். ஹால்மார்க்கோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி எண் இருக்கிறதா என்று பாருங்கள், ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தூய்மையும் எந்தக் கடை என்பதும் தெரியும். ஈடிஎஃப் வாங்கிய ஒப்பந்தக் குறிப்புகளை வருடத்துக்கு ஒரு கோப்பாகச் சேமித்து, ஒரு பிரதியை அச்செடுத்து வையுங்கள். புரோக்கர் மாறலாம், செயலி மூடலாம். யூனிட்டுகளை விற்ற பிறகு மகள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது, அவள் பிறந்த வருடம் நீங்கள் கொடுத்த விலை அந்தத் தாளில்தான் இருக்கும்.

வணக்கம்.