எஃப்சிபிஓ பாட்ல ஒரு டிரேடுக்கு 1% தான் ரிஸ்க்: அந்த ஒரு வரி கோட்

வணக்கம், எல்லாரும் பசியாறியாச்சா? சுங்கை சிப்புட்ல காலையில இருந்து மழை, சின்க் கூரை சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

இன்னிக்கு, தானா டிரேட் பண்ற என் பாட் எத்தனை லாட் எடுக்கணும்னு எப்படி முடிவு பண்ணுதுன்னு சொல்றேன். நான் டிரேட் பண்றது எஃப்சிபிஓ, புர்சாவுல போற செம்பனை எண்ணெய் பியூச்சர்ஸ். ஒரு லாட்னா 25 டன், அப்போ டன்னுக்கு 1 வெள்ளி ஏறி இறங்குனா நம்ம கணக்குல 25 வெள்ளி ஆடும்.

கணக்குல 60,000 வெள்ளி இருக்குன்னு வைங்க. 1%னா 600. ஸ்டாப், அதாவது நஷ்டத்தை வெட்டிட்டு வெளிய வர்ற விலை, 20 வெள்ளி தள்ளி இருந்தா ஒரு லாட்டுக்கு 500 போகும், 600ஐ 500ஆல வகுத்தா 1.2, அதை கீழ இறக்கி 1 லாட். ஸ்டாப் 35 தள்ளி இருந்தா ஒரு லாட்டுக்கே 875, வகுத்தா 0.69 வருது. இங்க அரை லாட்லாம் கிடையாது, அதனால பதில் பூஜ்யம், அந்த டிரேட் வேணாம்.

நான் மாட்டுனது இங்கதான். பூஜ்யம் வந்தா ஆர்டர் ரிஜெக்ட் ஆகுதேன்னு `max(1, lots)` அப்படின்னு போட்டு வச்சிருந்தேன், அதோட 1% கணக்கே செத்துப் போச்சு. பாட் 4,200ல வாங்குச்சு, ஸ்டாப் 4,165. அன்னிக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபியோட கையிருப்பு ரிப்போர்ட், அது மத்தியான பிரேக்ல வரும், மார்க்கெட் மூடியிருக்கும். 2:30க்கு திறந்தப்ப விலை 4,135. ஸ்டாப் விலை தாண்டிப் போனதால 4,135லயே வித்துச்சு, 65 வெள்ளி, 1,625 போச்சு, அதாவது 2.7%. எடுத்திருக்கவே கூடாத டிரேட் அது.

இப்போ இப்படி இருக்கு:

```python
risk = equity * 0.01
per_lot = (stop + 3) * 25
lots = int(risk // per_lot)
if lots == 0:
    skip()
```

அந்த 3 வந்து ஸ்டாப் அடிக்கும்போது விலை சறுக்குறதுக்கும் கமிஷனுக்கும் நான் வச்ச இடம். `equity`ய ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கணும், பழைய 60,000ஐ அப்படியே எழுதி வச்சிடாதீங்க. 20 வெள்ளி ஸ்டாப்புக்கு இப்போ 575 வேணும், கணக்கு 57,500க்கு கீழ போனா அந்த டிரேடும் பூஜ்யமாயிடும்.

அப்போ சில பேர் என்ன பண்றாங்கன்னா லாட் வரணும்னு ஸ்டாப்பை 35ல இருந்து 20க்கு இழுத்துடுறாங்க, தயவு செஞ்சு அது மட்டும் வேணாங்க, ஸ்டாப் எங்கன்னு சார்ட் சொல்லட்டும், இல்லன்னா சாதாரண ஆட்டத்துலயே அடிச்சிட்டுப் போயிடும்.

இதையெல்லாம் சரியா செஞ்சாலும் அன்னிக்கு மாதிரி விலை தாவித் திறந்து கேப் வந்தா 1% நிக்காது, அதுக்கு லாட் கணக்குல மருந்து இல்ல. அதான் எம்பிஓபி ரிப்போர்ட் வர்ற அன்னிக்கு மட்டும் 12:25க்கு எல்லா பொசிஷனையும் மூடச் சொல்லி பாட்ல எழுதிட்டேன்.