கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வணக்கம் நேயர்களே. ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 5 பெற்றோருக்கு 40 பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஒருவரை, யாரிடமும் கேட்காமல் ஒரு தாய் அதில் சேர்த்துவிடுகிறார். அந்த நொடியே அவருடைய இலக்கம் 40 பேருக்கும், 40 பேரின் இலக்கங்கள் அவருக்கும் தெரிந்துவிடும். பிறகு அவரை நீக்கினாலும், எழுதி எடுத்த இலக்கங்களைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் இங்கே இரண்டு சம்மதம் வேண்டும்: வருபவருடையது ஒன்று, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுடையது இன்னொன்று. இரண்டாவதைத்தான் அட்மின்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

நம் லயங்களில் ஒரே போனை வீட்டில் எல்லோரும் பாவிப்பது வழமை. குழுவில் தாயின் இலக்கம் என்று இருப்பதை, பின்னேரத்தில் படிக்கும் மகள் வைத்திருக்கலாம். இரவில் தெரியாத இலக்கத்திலிருந்து கோல் வந்தால் எடுப்பது அந்தப் பிள்ளைதான்.

அட்மின் முதலில் குழுவின் பெயரைத் தொட்டு 'Group permissions' பகுதிக்குப் போகட்டும். 'Add other members' என்பதை நிறுத்தினால், ஆள் சேர்ப்பது அட்மின்களின் கையில் மட்டும் இருக்கும். 'Approve new members' என்பதைப் போட்டுவிட்டால், லிங்க் வழியாக வருகிறவரும் அட்மின் அனுமதித்த பிறகே உள்ளே வரலாம்.

புதியவருக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்: "இது தரம் 5 பெற்றோர் குழு. 40 பேர் இருக்கிறோம், உங்கள் இலக்கம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப்பாடமும் கூட்ட அறிவித்தலும் மட்டும் வரும். சேரலாமா?" சரி என்று பதில் வந்தால் லிங்க்கை அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுக்க வேண்டாம். பெற்றோர் அல்லாத ஒருவர் என்றால், முதலில் குழுவிலேயே கேளுங்கள், ஒரு நாள் பொறுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் சேர்க்காமல் விடுவதே நல்லது. அவர் சொல்ல வேண்டியதை அட்மினே அவரிடம் வாங்கிக் குழுவில் போடலாமே.

லிங்க் வேறு குழுக்களுக்குப் பரவிவிட்டால் 'Reset link' கொடுங்கள். பழைய லிங்க் செத்துவிடும். ஆனால் அதற்கு முன்பே நுழைந்தவர்கள் உள்ளேதான் இருப்பார்கள், பெயர்ப்பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர்களும் தங்கள் போனில் 'Settings', 'Privacy', 'Groups' என்று போய் 'My contacts' என்பதைத் தெரிவு செய்யலாம். அப்போது நீங்கள் பதிந்து வைக்காத எவரும் உங்களை நேரே சேர்க்க முடியாது. அழைப்புத்தான் அனுப்பலாம், அது 3 நாளில் காலாவதியாகும். பதிந்து வைத்த உறவினரோ ஆசிரியரோ சேர்ப்பதை இது தடுக்காது. அதையும் தடுக்க 'My contacts except...' என்பதற்குள் எல்லோரையும் தெரிவு செய்ய வேண்டும்.

விலகுகிறவரை ஏன் என்று குழுவில் கேட்காதீர்கள், திரும்பவும் சேர்க்காதீர்கள். அவர் விலகியது இப்போது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிக்கப்படுகிறது, அது அங்கேயே இருக்கட்டும். அவருடைய பிள்ளைக்கு அறிவித்தல் தவறிப்போகாமல், வகுப்பாசிரியர் அதைக் கொப்பியில் எழுதி அனுப்பட்டும்.