தொட்டிக்குள் ஒரு கை

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காட்டு மலையில் நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு டிசம்பர் இரவைக் கதையாகச் சொல்கிறேன்.

அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். காப்பித் தோட்டத்தில், பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் கொட்டகையில் அவருக்கு வேலை. கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தரும் ஓர் அறக்கட்டளை, குடும்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது. வறுமை என்னும் இருள், கல்வி என்னும் ஒளிவிளக்கு என்று பேச்சுப் போட்டியில் பழகிய சொற்களால் இரண்டு பக்கத்தையும் நிரப்பி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, விளக்கடியில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, விரலை வரி வரியாக நகர்த்தி அரை மணி நேரம் படித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

'என் அப்பா நடு இரவில் எழுந்துபோய், தொட்டிக்குள் கைவிட்டுக் கொட்டையைத் தேய்த்துப் பார்ப்பார்' என்பது அந்த வரி.

"இது நெசம் கண்ணு. இதை நீ பார்த்திருக்க. மத்ததைப் படிச்சா வேற யாரோ வீடு மாதிரி இருக்கு" என்றார்.

அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. பக்கம் நிரம்பவேண்டும் என்று சேர்த்திருந்தேன். தோலுரித்த கொட்டையின்மேல் பசைபோல ஒரு வழுவழுப்பு ஒட்டியிருக்கும். அது தொட்டியில் புளித்துக் கரைந்த பிறகுதான் கழுவிக் களத்தில் காயப்போட முடியும். முன்னதாகக் கழுவினால் பசை போகாது. நேரம் தவறினால் கொட்டையில் புளிப்பு ஏறி, காப்பியின் மணமே கெட்டுவிடும். வெயில் நாளில் சீக்கிரம் கரைவது மலைக்குளிரில் ஒன்றரை நாள்கூட இழுக்கும் என்பதால் கடிகாரத்தை நம்ப முடியாது. ஒரு கைப்பிடி அள்ளி, தண்ணீரில் அலசித் தேய்க்கும்போது கொட்டை நழுவாமல் கூழாங்கல்போலச் சொரசொரத்து உரசவேண்டும். இத்தனையும் தெரிந்த ஒரு மனிதரை, 'கூலித் தொழிலாளியான என் தந்தை' என்ற நான்கு சொற்களில் முடித்திருந்தேன். இன்று நினைத்தாலும் அது எனக்கு வலிக்கிறது.

"ஆனா ஒண்ணை விட்டுட்ட" என்றார் அப்பா. "தேய்க்கறப்ப சத்தம் கேக்கும். இருட்டுல அதுதான் எனக்குக் கணக்கு."

அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அதனால் இரவு இரண்டு மணிக்கு அவர் டார்ச்சை எடுத்தபோது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நானும் கிளம்பினேன். தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு அள்ளியதை, அலசி என் உள்ளங்கையில் வைத்தார். தேய்த்தேன். கொட்டைகள் சத்தமில்லாமல் விரலிடுக்கில் நழுவி ஓடின.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும், நீ போய்ப் படு" என்றார். நான் போகவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, தொட்டி ஓரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான்கு மணிக்கு அவர் மறுபடியும் அள்ளிக் கொடுத்தார். இருட்டில், என் இரண்டு கைகளுக்கு நடுவே, சரசரவென்று கேட்டது.