திருமண நாளை மறந்துவிட்டேன், மனைவி பேச மாட்டேன் என்கிறார்: என்ன சொல்வது?

"எங்கள் ஐந்தாவது கல்யாண நாளை மறந்துவிட்டேன். இரவு மச்சான் போட்ட ஸ்டேட்டஸ் பார்த்துத்தான் தெரிந்தது. 'கடையில் டென்ஷன், நீயாவது காலையில் சொல்லியிருக்கலாமே' என்றேன். மூன்று நாளாகச் சோறு போடுகிறார், பேச்சு இல்லை. தேவகோட்டையில் கூட்டுக் குடும்பம். எப்படி மன்னிப்புக் கேட்பது?"

தம்பி, இப்போது உங்கள் மேல் இரண்டு விஷயம் நிற்கிறது. நாளை மறந்தது ஒன்று. "நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றது இன்னொன்று. மறதியை இரண்டு நாளில் அவர் விட்டிருப்பார். அந்த வாக்கியம்தான் விடவில்லை. காலையில் அவர் அம்மா வாழ்த்திப் பேசியிருப்பார். அதற்குப் பிறகு 'இவர் எப்போது சொல்வார்' என்று ராத்திரி வரைக்கும் காத்திருந்த ஆளிடம், தப்பு உன்னுடையதும்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால் அந்த வாக்கியத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேளுங்கள்.

எங்கே பேசுவது என்பதும் முக்கியம். வளவில், உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். அங்கே கேட்டால் 'பரவாயில்லை' என்பதைத் தவிர வேறு பதில் அவரால் சொல்ல முடியாது. பெரியவர்கள் முன்னால் கோபத்தை வைத்துக்கொள்ள வழியில்லை இல்லையா? கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பாடு முடிந்து, உங்கள் அறைக்குப் போன பிறகு பேசுங்கள். கையில் கண்டாங்கிச் சேலைப் பையோடு நிற்க வேண்டாம். சேலை நல்லதுதான், நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுக்கு முன்னால் வந்தால் வாயை அடைக்கக் கொடுத்ததாகத்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து வாங்கிக் கொடுங்கள்.

சரி, என்ன சொல்வது? ஏறக்குறைய இப்படி: "அன்னைக்கு நம்ம கல்யாண நாளை மறந்துட்டேன். அதுக்கு மேல உன்னையே குறை சொன்னேன். அது தப்பு. ஞாபகம் வச்சுக்க வேண்டியது நான். நாள் பூரா எதிர்பார்த்திருப்ப, எவ்வளவு வருத்தமா இருந்திருக்கும்." இங்கே நிறுத்திவிடுங்கள். 'ஆனா' என்று ஒரு சொல் வந்தால் முன்னால் சொன்ன அத்தனையும் அழிந்துபோகும். கடை டென்ஷன் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "உனக்கு வருத்தமா இருந்தா சாரி" என்பதும் வேண்டாம். வருத்தமா என்று இன்னும் சந்தேகப்படுவது போல அது கேட்கும்.

2016இல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கி குழு, மன்னிப்பின் ஆறு பகுதிகளில் எது அதிகம் எடுபடுகிறது என்று பார்த்தது. 'தவறு என்னுடையது' என்று ஏற்பது முதலிடத்தில் வந்தது. 'மன்னித்துவிடு' என்று கேட்பது கடைசி. அது வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு கற்பனைச் சூழலை வைத்துச் செய்தது, குடும்பத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் வீடுகளில் நான் பார்ப்பதும் அதுதான். 'மன்னிச்சுட்டேன்னு சொல்லு' என்று உடனே பதில் கேட்பவர் தன் நிம்மதிக்காகக் கேட்கிறார்.

நீங்கள் சொன்னதும் அவர் அழலாம், அல்லது போன வருஷத்துக் கதை ஒன்றை எடுக்கலாம். "வளைகாப்பு அன்னைக்கும் லேட்டாத்தானே வந்தீங்க" என்பார். 'பழசை ஏன் கிளறுறே' என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுங்கள். வாதாட வரவில்லை அவர், சொல்ல ஆள் கிடைத்ததால் சொல்கிறார். "ஆமா, அன்னைக்கும் உன்னைக் காக்க வச்சேன்" என்றால் போதும். ஒன்றுமே பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாலும் சரிதான். விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் படுங்கள், மறுநாள் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். சாப்பாட்டுப் பேச்சு தாண்டி, "கடையில இன்னைக்கு யார் வந்தா?" என்று அவரே கேட்டால் இறுக்கம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், இனி மறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், செல்போன் காலண்டரில் போடுங்கள். கல்யாண நாளை ஆண்டுதோறும் வரும்படி பதிந்து, ஒரு வாரம் முன்னால் ஒரு முறை, அன்று காலை ஒரு முறை அறிவிப்பு வைக்க வேண்டும். அவர் பிறந்தநாளை நட்சத்திரப்படி கொண்டாடும் வீடு என்றால் இது பலிக்காது, ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் மாறும். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்த வருஷத் தேதியைப் பார்த்து நீங்களே பதியுங்கள். அவரிடம் கேட்டுப் பதிந்தால் ஞாபகப்படுத்தும் வேலை மறுபடி அவர் தலையில்தான் விழும்.